முகிலுக்கு மேலேயா, உள்ளேயா? இச்சிமோக்கு வரைபடத்தை ஆம்–இல்லை விதிகளாக்கித் தினமும் ஸ்கேன் செய்வது

வெள்ளவத்தையில் ஒரு தேநீர்க் கடையில், ஒரே பங்கின் வரைபடத்தை இரண்டு கைபேசிகளில் திறந்து வைத்துக்கொண்டு நானும் நண்பனும் ஒருநாள் வாக்குவாதப்பட்டோம். "முகிலுக்கு மேல நிக்குதடா" என்றான் அவன். "இல்லையடா, இன்னும் உள்ளுக்குத்தான்" என்றேன் நான். இரண்டு பேர் கண்ணும் சரிதான். அவன் திரையின் வலது ஓரத்தில், விலையைத் தாண்டி முன்னே நீண்டிருந்த முகிலைப் பார்த்தான். நான் கடைசி மெழுகுதிரிக்கு நேர் கீழே இருந்த முகிலைப் பார்த்தேன். இரண்டும் ஒரே நிறத்தில் ஒன்றோடொன்று ஒட்டியபடி இருக்கும். ஆனால் அவை கணக்கிடப்பட்ட நாள்கள் வேறு.

விலை வரைபடத்தின்மேல் ஐந்து கோடுகளையும் முகில் என்ற நிழலையும் வரையும் முறைதான் இச்சிமோக்கு. அதை வாட்ச்லிஸ்ட் ஸ்கேனாக மாற்றும்போது ஏற்படும் பிழைகளில் பெரும்பாலானவை இந்த ஒரே இடத்தில்தான் பிறக்கின்றன. ஆகவே இந்தக் கட்டுரை எல்லாவற்றையும் தொடாது. கொழும்புப் பங்குச் சந்தைப் பங்குகளின் தினசரி விலைகளை ஒரு எக்செல் தாளில் போட்டு, ஐந்து கேள்விகளுக்கு ஆம் அல்லது இல்லை என்று பதில் எடுப்பது எப்படி என்பதை மட்டும் பார்ப்போம். கிடைப்பது வாங்கும் பட்டியல் அல்ல. 30 பங்குகளில் இன்றிரவு எவற்றின் வரைபடத்தைத் திறந்து பார்ப்பது என்று சொல்லும் பட்டியல்.

கோடுகள் ஐந்து, அவை நிற்கும் காலங்கள் மூன்று

இச்சிமோக்குவை உருவாக்கியவர் கோய்ச்சி ஹொசொடா என்ற ஜப்பானியப் பத்திரிகையாளர். பல ஆண்டுகள் தனக்குள் வைத்திருந்து, 1960களின் இறுதியில்தான் நூலாக வெளியிட்டார். கோடுகளின் பெயர்கள் பயமுறுத்தினாலும் உள்ளே இருக்கும் கணக்கு ஒன்றே ஒன்றுதான். குறித்த நாள்களுக்குள் வந்த மிக உயர்ந்த விலையையும் மிகத் தாழ்ந்த விலையையும் கூட்டி இரண்டால் வகுப்பது. அதாவது, அந்தக் காலத்து விலை வீச்சின் நடுப்புள்ளி.

9 நாள் நடுப்புள்ளி டென்கன் கோடு. 26 நாள் நடுப்புள்ளி கிஜுன் கோடு. இந்த இரண்டின் சராசரி சென்கோ ஏ. 52 நாள் நடுப்புள்ளி சென்கோ பீ. சென்கோ ஏக்கும் பீக்கும் இடைப்பட்ட நிழல்தான் முகில். ஐந்தாவது கோடான சிகோ, இன்றைய முடிவு விலையே தவிர வேறொன்றுமில்லை.

சிக்கல் இதற்குப் பிறகு வருகிறது. டென்கனும் கிஜுனும் கணக்கிட்ட நாளிலேயே வரையப்படும். சென்கோ இரண்டும் 26 நாள் முன்னே தள்ளி வரையப்படும். சிகோ 26 நாள் பின்னே தள்ளி வரையப்படும். ஆகவே இன்றைய விலைக்கு நேர் கீழே தெரியும் முகில் இன்று பிறந்ததல்ல, ஒரு மாதத்துக்கு முந்திய விலைகளில் பிறந்தது. இன்று பிறந்த முகில் திரையின் வலது ஓரத்தில், இன்னும் வராத நாள்களின் மேல் நிற்கிறது. கண்ணால் பார்ப்பவனுக்கு இந்தத் தள்ளலை மென்பொருளே செய்து கொடுத்துவிடும். விதி எழுதுபவன் தானே செய்ய வேண்டும்.

26 என்ற எண்ணுக்கு, ஜப்பானில் சனிக்கிழமையும் சந்தை நடந்த காலத்தில் ஒரு மாதத்து வேலை நாள்கள் அவ்வளவு என்பதைப் பொதுவாகக் காரணம் சொல்வார்கள். கொழும்பில் சனி, ஞாயிறு போக மாதா மாதம் போயாவும் வரும். ஏப்ரலில் புத்தாண்டு, மே மாதம் வெசாக் என்று விடுமுறைகள் வேறு. நமக்கு 26 வியாபார நாள் என்றால் ஐந்து வாரத்துக்கும் மேலே. அதற்காக எண்களை 7, 22, 44 என்று மாற்றிப் பார்ப்பவர்களும் இருக்கிறார்கள். நான் மாற்றுவதில்லை. மாற்றினால் எந்த வரைபடத்தோடும் ஒப்பிட்டுச் சரிபார்க்க முடியாமல் போகும், தொடக்கத்தில் அந்தச் சரிபார்ப்புதான் முக்கியம்.

தாளைச் சுத்தமாக்குவது

ஒவ்வொரு பங்குக்கும் ஒரு தாள். A நிரலில் திகதி, B-யில் அன்றைய உயர்வு, C-யில் தாழ்வு, D-யில் முடிவு விலை. முதல் வரி தலைப்பு. இரண்டாவது வரியில் பழைய நாள், கீழே போகப் போகப் புதிய நாள். குறைந்தது 78 வியாபார நாள்கள் வேண்டும். நான் 120 வைத்திருக்கிறேன். விடுமுறை நாள்களுக்கு வெற்று வரி விடக் கூடாது, 26 என்பது வரிகளின் எண்ணிக்கை, நாள்காட்டியின் எண்ணிக்கை அல்ல.

அடுத்தது பூச்சியங்கள். நம் சந்தையில் ஒரு நாள் முழுக்க ஒரு பங்குகூடக் கைமாறாத கம்பனிகள் இருக்கின்றன. அப்படியான நாளில் கோப்பைப் பொறுத்து உயர்வும் தாழ்வும் வெறுமையாகவோ 0 ஆகவோ வரலாம். வெறுமையை எக்செல் கண்டுகொள்ளாது, ஆனால் 0-வை அது நேர்மையாகத் தாழ்ந்த விலை என்று எடுத்துக்கொள்ளும். 50 ரூபாப் பங்கின் கிஜுன் அந்த நிமிடமே 25 ரூபாவுக்கு விழும். நான் தொடங்கிய காலத்தில் இரண்டு வாரமாக ஒரு தோட்டக் கம்பனிப் பங்கு என் பட்டியலின் உச்சியில் நின்றது. வரைபடத்தைத் திறந்தால் அது நேர்கோடாகப் படுத்திருந்தது. காரணம் C நிரலில் இருந்த ஒரேயொரு பூச்சியம். 0 உள்ள வரிகளை நீக்கிவிடுவதே நல்லது. அதோடு, கடைசி 26 சந்தை நாளில் 20 நாளுக்குக் குறைவாக வியாபாரம் நடந்த பங்கை வாட்ச்லிஸ்ட்டிலேயே வைக்காதீர்கள். அப்படியான பங்கில் 9 நாள் உயர்வு தாழ்வும் 26 நாள் உயர்வு தாழ்வும் ஒன்றாகிவிடும். கோடுகள் ஒன்றின்மேல் ஒன்று படுக்கும், விதிகள் அர்த்தமிழக்கும்.

மூன்றாவது, பங்குப் பிரிப்பும் உரிமைப் பங்கு வழங்கலும். ஒரு பங்கைப் பத்தாகப் பிரித்தால் 200 ரூபா விலை 20 ஆகும். பழைய வரிகளைத் திருத்தாவிட்டால் 200 என்ற உயர்வு 52 நாள் கணக்கில் குந்திக்கொண்டிருக்கும். பிறகு முகிலின் தள்ளலும் சேர, மொத்தம் 76 வியாபார நாளுக்கு அந்தப் பங்கு முகிலுக்கு வெகு கீழே இருப்பதாகவே உங்கள் தாள் சொல்லும். பிரிப்புக்கு முந்திய எல்லா விலையையும் 10ஆல் வகுத்துவிடுங்கள். உரிமைப் பங்குக்கு இன்னொரு படி கூடுதல். கையில் உள்ள நான்கு பங்குக்கு ஒரு புதுப் பங்கு, 30 ரூபாவுக்கு, சந்தையில் கடைசி விலை 50 என்றால் (4×50 + 30) ÷ 5 = 46. பழைய விலைகளை 46/50, அதாவது 0.92ஆல் பெருக்க வேண்டும்.

கணக்கு நிரல்கள்

இன்றைய வரி 100ஆவது என்று வைத்துக்கொள்வோம். E டென்கன், F கிஜுன், G இன்று பிறந்த சென்கோ ஏ, H இன்று பிறந்த சென்கோ பீ. I நிரல் இன்றைய விலைக்கு நேரே நிற்கும் முகிலின் உச்சி.

```
E100  =(MAX(B92:B100)+MIN(C92:C100))/2
F100  =(MAX(B75:B100)+MIN(C75:C100))/2
G100  =(E100+F100)/2
H100  =(MAX(B49:B100)+MIN(C49:C100))/2
I100  =MAX(G75,H75)
```

I100-ஐ நன்றாகப் பாருங்கள். அது G100-ஐயும் H100-ஐயும் தொடவில்லை, 75ஆவது வரிக்குப் போகிறது. இன்றைய வரியை ஒன்று என்று எண்ணத் தொடங்கினால் 75ஆவது வரி 26ஆவதாக வரும். அதாவது 25 வரி மேலே. ஹொசொடாவின் முறை இன்றையும் சேர்த்து எண்ணுவது. சில மென்பொருள்கள் அப்படியே செய்கின்றன, சில முழுதாக 26 வரி தள்ளுகின்றன. எது சரி என்று சண்டை பிடிக்கத் தேவையில்லை. நீங்கள் பார்க்கும் வரைபடத்தில் கடைசி மெழுகுதிரியின்மேல் விரலை வைத்து, முகிலின் உச்சி எவ்வளவு என்று படியுங்கள். அது I100-உடன் சதம் வரை ஒத்துப்போக வேண்டும். போகாவிட்டால் 75-க்குப் பதில் 74 போட்டுப் பாருங்கள். மூன்று பங்கில் மூன்று வெவ்வேறு நாளில் இந்தச் சோதனை சரிவந்த பிறகுதான் மேலே போக வேண்டும். சென்கோ பீ நாள்கணக்கில் தட்டையாக இருக்கும் இடத்தில் சோதித்தால் 74-ம் 75-ம் ஒரே விடை தந்து ஏமாற்றிவிடும், ஆகவே முகில் சரிந்துகொண்டிருக்கும் இடத்தைத் தேர்ந்தெடுங்கள்.

சூத்திரங்களை எந்த வரியிலிருந்து இழுப்பது? E 10ஆவது வரியிலிருந்து, F-உம் G-உம் 27இலிருந்து, H 53இலிருந்து, I 78இலிருந்து. அதற்கு மேலே இழுத்தால் கணக்குக்குத் தேவையான நாள்கள் இல்லை.

ஐந்து கேள்விகள்

```
J100  =D100>I100
K100  =E100>F100
L100  =D100>B75
M100  =G100>H100
N100  =D100/F100-1<=0.08
O100  =AND(J100:N100)
P100  =AND(O100,NOT(O99))
Q100  =AND(J100,NOT(J99),D100<=I99)
```

J முதலாவது கேள்வி. முடிவு விலை, தனக்கு நேரே நிற்கும் முகிலின் உச்சிக்கு மேலேயா? உச்சி என்பது ஏ, பீ இரண்டில் எது பெரிதோ அது. முகிலின் நிறம் பச்சையா சிவப்பா என்பது இந்தக் கேள்விக்குத் தேவையில்லை. பகலில் ஒரு தடவை மேலே எட்டிப் பார்த்துவிட்டு வந்த விலையும் கணக்கில் இல்லை. சந்தை பிற்பகல் 2.30க்கு மூடிய பிறகு நிற்கும் விலை மட்டும்.

K-யில் டென்கன் கிஜுனுக்கு மேலே இருக்கிறதா என்று கேட்கிறோம். "இன்று வெட்டியதா" என்று கேட்கவில்லை என்பதைக் கவனியுங்கள். வெட்டுவது ஒரு நாள் நிகழ்வு, மேலே இருப்பது ஒரு நிலை. ஐந்து நிகழ்வுகள் ஒரே நாளில் நடக்க வேண்டும் என்று விதி எழுதினால் பட்டியல் வருடம் முழுக்கக் காலியாகவே இருக்கும். எனவே ஐந்தையும் நிலைகளாக எழுதி, நிகழ்வைப் P-யில் ஒரே ஒரு தடவை பிடிக்கிறோம்: நேற்று ஐந்தும் ஒன்றாக இல்லை, இன்று இருக்கிறது. புதிதாகத் தொடங்குபவர்கள் இந்த வேறுபாட்டை விட்டுவிடுகிறார்கள். பிறகு "எனக்கு ஒன்றுமே வரவில்லை" என்றோ "தினமும் அதே இருபது பங்கு வருகிறது" என்றோ சொல்வார்கள்.

L என்பது சிகோ. படத்தில் சிகோ பின்னால் போய் நிற்பதால் அது ஏதோ மர்மமான கோடு போலத் தோன்றும். விதியாக எழுதினால் சாதாரணம்: இன்றைய முடிவு, இன்றைய வரியிலிருந்து மேல்நோக்கி எண்ணினால் 26ஆவதாக வரும் வரியின் உயர்வுக்கு மேலே இருக்கிறதா? முடிவு விலையோடு ஒப்பிடுபவர்களும் உண்டு. நான் உயர்வை எடுப்பது, படத்தில் சிகோ மெழுகுதிரியைத் தொடாமல் மேலே நிற்பதைத்தான் கண்ணும் "ஆம்" என்கிறது என்பதால்.

M இன்று பிறந்த முகிலைப் பார்க்கிறது, அதாவது திரையின் வலது முனையை. ஏ பீக்கு மேலே இருந்தால் ஆம். முகிலின் தள்ளாத எண்களை எடுப்பது இங்கே மட்டும்தான்.

N-ஐ ஹொசொடா சொல்லவில்லை, நான் சேர்த்தது. விலை கிஜுனை விட்டு 8 வீதத்துக்கு மேல் ஓடிப்போயிருந்தால் இல்லை. மற்ற நான்கும் ஓடிப்போன பங்குக்குத்தான் மிகத் தெளிவாக ஆம் சொல்லும், ஏனென்றால் எல்லாமே பழைய விலையோடு செய்யும் ஒப்பீடு. அந்தப் பங்கை இன்று பட்டியலில் கண்டு என்ன செய்வது? 8 என்பது என் வாட்ச்லிஸ்ட்டுக்கு ஒத்துவரும் அளவு. வங்கிப் பங்குகள் மட்டும் வைத்திருப்பவருக்கு 5 போதும், கொதிக்கும் சிறு கம்பனிகளுக்கு 8-உம் இறுக்கமாக இருக்கலாம்.

Q கொஞ்சம் விசித்திரமானது. அதற்கு உதாரணம் வேண்டும், கீழே வருகிறேன்.

இந்த ஐந்தையும் ஐந்து சாட்சிகள் என்று எண்ணி "5/5 வந்துவிட்டது" என்று துள்ள வேண்டாம். முதல் நான்கும் ஒரே உயர்வு, தாழ்வு, முடிவு விலைகளிலிருந்து வருபவை. ஒரே சாட்சி நாலு உடுப்பு மாற்றிக்கொண்டு வந்து நிற்பது மாதிரி. அதனால்தான் நான் 3/5, 4/5 என்று புள்ளி போட்டு வரிசைப்படுத்துவதை விட்டுவிட்டேன். ஐந்தும் ஆம், அல்லது பட்டியலில் இல்லை.

ஒரு பங்கை முழுதாகப் போட்டுப் பார்ப்போம்

எண்கள் நான் அமைத்தவை, கம்பனி கிடையாது. இன்று 100ஆவது வரி, முடிவு விலை 47.20 ரூபா.

கடைசி 9 நாளில் உயர்வு 48.00, தாழ்வு 44.00. டென்கன் 46.00. கடைசி 26 நாளில் உயர்வு 48.00, தாழ்வு 41.00. கிஜுன் 44.50. இன்று பிறந்த சென்கோ ஏ இவற்றின் சராசரி, 45.25. கடைசி 52 நாளில் உயர்வு 49.00, தாழ்வு 39.00, ஆகவே இன்று பிறந்த சென்கோ பீ 44.00.

இப்போது 75ஆவது வரிக்குப் போவோம். அன்று டென்கன் 42.30, கிஜுன் 44.00, எனவே ஏ 43.15. அன்றைய 52 நாள் கணக்கில் 30ஆவது வரியில் வந்த 54.00 என்ற பழைய உயர்வு இன்னும் இருந்தது. தாழ்வு 39.00. பீ 46.50. ஆக, இன்றைய விலைக்கு நேரே நிற்கும் முகில் 43.15 முதல் 46.50 வரை.

J: 47.20, 46.50-க்கு மேலே. ஆம். K: 46.00, 44.50-க்கு மேலே. ஆம். L: 75ஆவது வரியின் உயர்வு 42.10. ஆம். M: 45.25, 44.00-க்கு மேலே. ஆம். N: 47.20 கிஜுனிலிருந்து 2.70 ரூபா தள்ளி, கிட்டத்தட்ட 6.1 வீதம். ஆம். நேற்றைய முடிவு 46.30, நேற்றைய முகில் உச்சியும் 46.50. நேற்று உள்ளே, இன்று வெளியே. P ஆம் என்கிறது, பங்கு இன்றைய பட்டியலில் புதிதாக வருகிறது.

சரி, தள்ளலை மறந்தவருடைய தாளில் இதே பங்கு என்ன சொல்லியிருக்கும்? மூன்று நாள் பின்னே, 97ஆவது வரிக்குப் போவோம். அன்று முடிவு 45.60. அன்று பிறந்த ஏயும் பீயும் இரண்டுமே 44.00. `=D97>MAX(G97,H97)` என்று எழுதியவருக்கு விடை ஆம். அவர் அன்றே "முகிலை உடைத்துவிட்டது" என்று சொல்லியிருப்பார். ஆனால் 97ஆவது வரிக்கு நேரே நிற்கும் முகிலின் உச்சி 72ஆவது வரியிலிருந்து வருவது, 46.50. விலை அதற்குள் 90 சதம் கீழே இருந்தது. தேநீர்க் கடையில் எங்கள் வாக்குவாதமும் இதுவேதான்.

மேலோட்டமாகப் பார்த்தால் தவறான தாள்தான் மூன்று நாள் முந்திச் சொல்லி வென்றதுபோல இருக்கும். இந்தப் பங்கு ஏறியதால் அப்படித் தோன்றுகிறது. முகிலுக்குள் போய்த் தடுமாறித் திரும்பி விழும் பங்குகளுக்கும் அது இதே உற்சாகத்தோடு ஆம் சொல்லும். அவற்றை வடிகட்டுவதற்குத்தான் பழைய முகிலை முன்னே கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறது. நம் சந்தையில் ஒவ்வொரு தவறான நுழைவுக்கும் விலையும் உண்டு: சாதாரண வியாபாரத்துக்குத் தரகு முதலான கட்டணங்கள் 1.12 வீதம், வாங்கி விற்றால் இரண்டு தடவை. உள்ளே போய் உடனே வெளியே வந்தாலே 2.24 வீதம் போய்விட்டது.

விலை அசையாமலே வரும் ஆம்

இனி Q. அதே பங்கில் 54.00 என்ற உயர்வு 30ஆவது வரியில் இருந்தது அல்லவா? 81ஆவது வரி வரைக்கும் அது 52 நாள் கணக்குக்குள் இருக்கும். 82ஆவது வரியில் வெளியே போய்விடும். அதற்கு அடுத்த உயர்வு 50.00 என்றால் சென்கோ பீ ஒரே நாளில் 46.50-இலிருந்து 44.50-க்கு இறங்கும். அந்த இறக்கம் 25 வரி தள்ளி, 107ஆவது வரியில், அதாவது இன்றிலிருந்து ஏழாவது வியாபார நாளில் திரையில் தெரியும்.

இப்போது வேறொரு நிலைமையை எண்ணிப் பாருங்கள். பங்கு 46.50-ஐத் தாண்டவே இல்லை, ஏழு நாளும் 45.80-இலேயே சோம்பிக் கிடந்தது. 106ஆவது நாள் முகிலுக்குள். 107ஆவது நாள் முகிலுக்கு மேலே! வாங்குபவர் யாரும் புதிதாக வரவில்லை. ஏறத்தாழ நான்கு மாதத்துக்கு முந்திய ஒரு உச்சி கணக்கிலிருந்து விழுந்தது, அவ்வளவுதான். J பொய் சொல்லவில்லை, ஆனால் நாம் எதிர்பார்த்த செய்தி அது இல்லை. நேற்று உள்ளே இருந்து இன்று மேலே வந்த பங்கின் விலை, நேற்றைய உச்சியைக்கூடத் தாண்டாவிட்டால் Q ஆம் என்று காட்டும். அப்படி வந்த பெயர்களை நான் தனி நிறத்தில் வைக்கிறேன், அன்றே வரைபடம் திறப்பதில்லை.

இதில் ஒரு வசதியும் இருக்கிறது. அடுத்த 25 வியாபார நாளுக்கான முகில் இப்போதே தாளில் இருப்பதால், எந்த நாளில் உச்சி சறுக்கும் என்று முன்கூட்டியே தெரியும். 107ஆவது வரிக்கு இன்னும் விலை வரவில்லை, ஆனால் `=MAX(G82,H82)` இன்றைக்கே விடை தரும்.

எதிர்காலத்தை எட்டிப் பார்க்கும் தாள்

பழைய நாள்களில் இந்த விதிகள் எப்படி நடந்தன என்று சோதிக்க எல்லோருக்கும் ஆசை வரும். அப்போது சிகோவைப் படத்தில் உள்ளபடியே தாளில் எழுதுபவர்கள் மாட்டிக்கொள்வார்கள். 75ஆவது வரியில் D100-ஐப் போட்டு, "சிகோ விலைக்கு மேலேயா" என்று அந்த வரியிலேயே கேட்டால், 75ஆவது நாளில் நின்றுகொண்டு 25 நாள் கழித்து வரப்போகும் விலையைப் பார்த்துவிட்டுப் பதில் சொல்வதாகும். ஏறப்போகும் பங்குகள் மட்டுமே தேர்வாகும். முடிவுகள் அற்புதமாக இருக்கும்.

இதைக் கண்டுபிடிக்க இரண்டு அடையாளம். ஒன்று, அந்த நிரலின் கடைசி 25 கட்டமும் வெறுமையாகவோ 0 ஆகவோ இருக்கும். பழைய நாள்களில் பிரமாதமாக வேலை செய்யும் விதி இன்றைக்கு மட்டும் வாய் திறக்காது. மற்றது கொஞ்சம் வேலை, ஆனால் உறுதியானது: தாளை நகலெடுத்து, கடைசி 30 வரியை அழித்துவிட்டு, மீதமுள்ள வரிகளில் ஆம்–இல்லை மாறியதா என்று பாருங்கள். ஒன்றாவது மாறியிருந்தால் உங்கள் விதி நாளையைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. மேலே கொடுத்த L100 பின்னோக்கி மட்டுமே பார்ப்பதால் மாறாது.

பழைய தரவில் இன்னொரு மேடு: 2020 மார்ச்சில் மூடிய சந்தை மே மாதம்தான் திறந்தது. தாளில் அந்த இரண்டு வரிகளும் அடுத்தடுத்து நிற்கும். திறந்த பிறகு வந்த முகிலெல்லாம் மூடுவதற்கு முந்திய உலகத்து விலைகளால் ஆனது. அந்தக் காலத்து ஆம்களையும் இல்லைகளையும் நான் சோதனையில் சேர்ப்பதில்லை.

ஒரு மாலை எப்படிப் போகும்

சந்தை மூடி, அன்றைய விலைகள் வந்த பிறகு, ஒவ்வொரு தாளிலும் ஒரு வரி சேர்த்து, சூத்திரங்களை ஒரு வரி கீழே இழுக்கிறேன். நடுப்பகலில் ஸ்கேன் செய்வதில்லை, முடியாத நாளின் D நிரல் ஒவ்வொரு நிமிடமும் மாறும். முதலில் பூச்சியம் ஏதும் வந்திருக்கிறதா, நேற்றைய விலையிலிருந்து 25 வீதத்துக்கு மேல் பாய்ந்த பங்கு இருக்கிறதா என்று பார்க்கிறேன். அப்படி இருந்தால் அநேகமாகப் பிரிப்பு அல்லது உரிமைப் பங்கு, கம்பனியின் அறிவித்தலைத் தேட வேண்டும். அதற்குப் பிறகுதான் P.

P ஆம் சொன்ன பங்குகளை மட்டும் வரைபடத்தில் திறக்கிறேன். முகில் எவ்வளவு தடிப்பு, அன்றைய வியாபார அளவு ஒரே ஒரு பெரிய கைமாற்றலால் வந்ததா, பக்கத்தில் பழைய உச்சி இருக்கிறதா என்பவை விதியில் இல்லாதவை, கண்ணுக்கு விட்டவை. சாதாரண வாரத்தில் 30 பங்குக்கு இரண்டு மூன்று பெயர் வரும். ஒரே நாளில் பன்னிரண்டு வந்தால் அது பங்குகளின் கதை இல்லை, முழுச் சந்தையும் ஏறியிருக்கிறது. அந்த நாளில் அனைத்துப் பங்கு விலைச் சுட்டெண்ணையே இதே தாளில் போட்டுப் பார்த்துவிட்டு மூடி வைப்பேன்.

விற்கும் பக்கத்துக்கு விதிகளை அப்படியே தலைகீழாக்க வேண்டாம். இங்கே நாம் கையில் இருப்பதைத்தான் விற்கிறோம், ஐந்தும் தலைகீழாகும் வரை காத்திருந்தால் லாபம் எல்லாம் கரைந்திருக்கும். கையில் உள்ள பங்குகளுக்கு ஒரே ஒரு நிரல் போதும், முடிவு விலை கிஜுனுக்குக் கீழே போனதா என்று.

```
R100  =D100<F100
```

நம்முடைய 47.20 பங்கில் அந்தக் கோடு இன்று 44.50-இல் நிற்கிறது. 41.00 என்ற தாழ்வு கடைசி 26 வரியிலிருந்து வெளியேறும் நாளில், விலை அசையாவிட்டாலும் அது மேலே ஏறும். அது எந்த நாள் என்று C நிரலில் எண்ணிப் பார்த்து, தாளின் ஓரத்தில் எழுதி வைத்துவிடுங்கள்.